பின் கழுத்தை ஏத்தியே வெச்சிருங்க அக்கா!

"பின் கழுத்து எத்தனை இன்ச் எறக்கட்டும்?"

டெய்லர் அக்கா டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. ஜாக்கெட் துணியும் கையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்.

"ஏத்தியே வெச்சிருங்க அக்கா. காலர் மாதிரி வந்தாலும் பரவால்ல. கையும் முழங்கை வரைக்கும் இருக்கட்டும்."

"பட்டுப்புடவைக்கா? வெயில் காலம் வேற."

அவள் பதில் சொல்லவில்லை. டெய்லர் அக்காவும் மேலே கேட்கவில்லை. பின் கழுத்தில் டேப்பை வைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. தொட்டால் வெல்வெட் துணியைத் தொடுவது போல மெத்தென்று, வரிவரியாக. ஓரத்தில் இரண்டு மூன்று குட்டி மருக்கள் தொங்கின. அக்குளிலும் அதே நிறம்.

அவளுக்கு வயது 29. அதியமான்கோட்டையில் மாமியார், கணவர், ஐந்து வயது மகன் என்று சின்னக் குடும்பம். தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து தர்மபுரிக்குப் போய், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுகிற வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஏழுக்குத்தான் எழுந்திருக்க முடியும்.

அந்தக் கறுப்பு எப்போது வந்தது என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மகன் பிறந்து இரண்டு வருடம் கழித்துக் கழுத்து லேசாக மங்கியது போல இருந்தது. கவரிங் செயின் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மாமியார். செயினைக் கழற்றியும் போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போனபோது, "ஒழுங்கா தேச்சுக் குளிக்கிறதில்ல போல, அழுக்கு சேந்து கெடக்குது" என்று பீர்க்கங்காய் நாரும் பயத்தம்மாவும் வைத்து அம்மாவே தேய்த்துவிட்டார். எரிச்சலில் கண்ணீர் வந்ததுதான் மிச்சம். கறுப்பு இன்னும் கொஞ்சம் தடித்தது.

அடுத்தது க்ரீம். சித்தி மகள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தந்த ட்யூப். பத்தே நாளில் நிறம் குறைந்தது போல இருக்கவும் அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது மாதத்தில் அக்குளில் தோல் மெலிந்து, சிவந்து, வரிவரியாகக் கோடு விழ ஆரம்பித்தது. நிறுத்தியதும் கறுப்பு திரும்பி வந்துவிட்டது. அந்தக் கோடுகள் மட்டும் போகவே இல்லை.

இதற்கு நடுவில் எடையும் ஏறிக்கொண்டே போனது. கல்யாணத்தின்போது 54 கிலோ. இப்போது 71. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கறுப்பு ஒரு கவலை, எடை வேறொரு கவலை என்றே வீட்டில் நினைத்தார்கள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலில் சேர்த்துப் பார்த்தவர், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அவர் மாமியாருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் குனிந்து தண்ணீர் சொம்பை வைத்தாள். அவர் கண் கழுத்தில் நின்றது.

"ஏம்மா, உங்க அப்பாவுக்கு சுகர் இருக்குதா?"

"இருக்குதுங்க. அப்பாவோட அம்மாவுக்கும் இருந்துச்சு. ஆனா எனக்கு இல்லைங்க. போன வருஷம்தான் கடையில எல்லாரையும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்தாங்க. நார்மல்னு வந்துச்சு."

"சுகர் நார்மலா இருக்கலாம். ஆனா இந்தக் கழுத்து நார்மல் இல்ல கண்ணு. ஒரு டாக்டரப் பாரு."

கழுத்துக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் தேய்பிறை அஷ்டமிக்கு காலபைரவர் கோயிலில் பூசணி விளக்கு போட வேண்டிக்கொண்ட மாமியார்தான், "விளக்கும் போடலாம், டாக்டரையும் பாக்கலாம். ரெண்டும் நடக்கட்டும்" என்று அனுப்பி வைத்தார்.

தர்மபுரியில் அவள் பார்த்த தோல் மருத்துவர் ஒரு பெண். முதலில் அவர் செய்தது மிக எளிய காரியம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கழுத்தில் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அழுக்கு மாதிரி படிஞ்சு கறுத்துப் போற ஒரு வகை இருக்குது. அதா இருந்தா ஸ்பிரிட்ல துடைச்சதும் வந்துரும். இது வரல. படை மாதிரி அரிப்பில்ல, செதில் இல்ல, வட்டமா ஓரம் கட்டல. செயின் அலர்ஜியும் இல்ல, அதுன்னா செயின் படுற எடத்துல மட்டும் அரிச்சுப் புண்ணாகும். இது தோலே தடிச்சிருக்கு."

பெயரும் சொன்னார். அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். பெயர் வாயில் நுழையவில்லை என்றாலும் அவள் மனதில் பதிந்தது வேறொன்று. தோல் தடித்திருக்கிறது என்றால், இத்தனை நாள் தேய்த்ததும் வெளுக்கப் பார்த்ததும் வீண். கறுப்பாகத் தெரிவதற்குப் பெரும்பகுதி காரணம் நிறமி இல்லை. தோலின் மேல் அடுக்கு அளவுக்கு மீறி வளர்ந்து, மடிப்பு மடிப்பாக நெருக்கி நிற்பதால்தான் அது கறுப்பாகவும் வெல்வெட் போலவும் இருக்கிறது. நாரால் தேய்க்கத் தேய்க்க, உரசலில் தோல் இன்னும் தடிக்கும். ஸ்டீராய்டு கலந்த வெளுக்கும் க்ரீம் பூசினால் சுற்றியுள்ள நல்ல தோல் மெலியும். அக்குளில் விழுந்த கோடுகள் அப்படி வந்தவைதான்.

சரி, தோல் ஏன் வளர்கிறது? கழுத்தில் வந்த விஷயத்துக்கு டாக்டர் ஏன் வயிற்றை அளக்கிறார்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி எல்லாம் சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருகிறது. அதைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சேர்த்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் இன்சுலின். கணையம் அதைச் சுரக்கிறது. ஈரலிலும் தசையிலும் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அவை இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள்.

வீட்டில் காது மந்தமான தாத்தா டிவி பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட தாத்தாவுக்கு ஓரளவு கேட்டுவிடுகிறது. ஆனால் காது நன்றாகக் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடுகிறது. உடம்பிலும் இதேதான் நடக்கிறது. தசைக்கும் ஈரலுக்கும் கேட்கவில்லை என்று கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினை அனுப்புகிறது. அந்தச் சத்தத்தில் சர்க்கரை எப்படியோ கட்டுக்குள் நிற்கிறது. அதனால் டெஸ்ட்டில் நார்மல் என்று வருகிறது. ஆனால் தோல் பக்கத்து வீடு. அதற்குக் காது மந்தமில்லை.

தோல் செல்களில், வளர்ச்சியைத் தூண்டுகிற வேறொரு ஹார்மோனுக்கான வாசல் உண்டு. அந்த ஹார்மோன் இன்சுலினுக்கு உடன்பிறப்பு மாதிரி. உருவம் கிட்டத்தட்ட ஒன்று. இன்சுலின் அளவோடு இருக்கும்வரை அந்த வாசலை அவ்வளவாகத் தொடாது. அளவு மீறிப் போகும்போது அதிலும் போய் ஒட்டிக்கொண்டு, 'வளரு, வளரு' என்று சொல்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சிலருக்கு முழங்கை, விரல் முட்டி என்று மடிப்பும் உரசலும் உள்ள இடங்களில் அது முதலில் தெரிகிறது. கழுத்தில் தொங்கும் குட்டி மருக்களுக்கும் பல நேரம் இதுவே காரணம்.

இந்தத் தோல் மாற்றத்தை 1890-களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். அப்போது அதை உடலுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயின் அடையாளமாகத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். இன்சுலினோடு முடிச்சுப் போட்டது வெகு காலம் கழித்துத்தான். 1976-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொனால்ட் கான் குழுவினர், கழுத்தும் அக்குளும் இப்படிக் கறுத்திருந்த சில பெண்களின் ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக இருந்தும் அது வேலை செய்யாததைக் கண்டு எழுதினார்கள். அவர்களில் ஒரு சிலருக்கு இன்சுலின் ஒட்டும் வாசலிலேயே குறை. வேறு சிலருக்கு உடம்பே அந்த வாசலை எதிர்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கியிருந்தது. அவை அபூர்வமான நோய்கள். அதியமான்கோட்டைப் பெண்ணுக்கு இருப்பது அதன் சாதாரண, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கக்கூடிய வடிவம்.

அந்தப் பழைய புற்றுநோய் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஒல்லியான, நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு, எடை கூடாமல் குறைந்துகொண்டே போகும்போது, சில மாதங்களிலேயே இந்தக் கறுப்பு வேகமாகப் பரவினால், உள்ளங்கையும் வாயின் உட்புறமும்கூடத் தடித்தால், டாக்டர் வயிற்றைத்தான் முதலில் சோதிப்பார். இரைப்பைப் புற்றுநோயில் அப்படி வருவதுண்டு. இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. வருடக்கணக்கில் மெதுவாக வந்தது, எடையோடு சேர்ந்து வந்தது.

டாக்டர் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 37 இன்ச், அதாவது 94 சென்டிமீட்டர். உயரம் 155. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை. இன்ச்சில் சொன்னால் முப்பத்தொன்றரை. ஆண்களுக்கு 90.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

எடை ஞாபகம் இருந்தது. இடுப்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அவளுக்கு ஓர் இடம் நினைவுக்கு வந்தது. மறுநாள் டெய்லர் அக்காவின் பழைய நோட்டைப் புரட்டச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் சுடிதார் தைத்தபோது இடுப்பு 30. மகனுக்கு முதல் பிறந்தநாள் சமயம் 33. போன தீபாவளிக்கு 36. இப்போது 37. அதே பக்கங்களில் கை அளவையும் அக்கா எழுதி வைத்திருந்தார். 11, 11, 11½, 12. கை ஏறவே இல்லை என்று சொல்லலாம். ஏறியதெல்லாம் நடுவில்.

அந்த நோட்டு அவளுக்குச் சொன்னதை லேப் ரிப்போர்ட் சொல்லவில்லை. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வருவது நம்மவர்களின் உடல்வாகு. ஒரே உயரம், ஒரே எடை உள்ள வெள்ளைக்காரரைவிட இந்தியருக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்னிக் இதைத் தன் உடம்பிலேயே காட்டினார். அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் நிற்கும் படம் 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2. பார்த்தால் யாஞ்னிக்கை யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். அதனால் எடை ரொம்ப ஏறாதவர்களுக்கும் கழுத்து கறுப்பதைப் பார்த்து, 'நான் குண்டு இல்லையே' என்று விட்டுவிடக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுகள் நான்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, தைராய்டு, அதோடு குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட். "இன்சுலின் எவ்வளவுன்னு பாக்க வேண்டாங்களா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும். எதற்கு மேல் போனால் அதிகம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஓர் எண்ணும் கிடையாது. "உங்க கழுத்தே அதச் சொல்லிருச்சு. அந்தக் காச மிச்சம் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

குளுக்கோஸ் டெஸ்ட் அவளுக்குப் புதிதில்லை. கர்ப்பமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் குடித்த அதே தித்திப்புத் தண்ணீர். இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டுக் காலையில் போனாள். ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டு மணி நேரம் நடக்காமல், எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து, மறுபடி ரத்தம். நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தால் டெஸ்ட் கெட்டுவிடும்.

ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் 94. நூறுக்குக் கீழே, அதாவது நார்மல். போன வருடமும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் 'சுகர் இல்லை' என்று சந்தோஷப்பட்டிருந்தார்கள். குளுக்கோஸ் குடித்த பிறகு 158. அது 140-க்குக் கீழே இருக்க வேண்டும். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 158 இரண்டுக்கும் நடுவில். எச்பிஏ1சி 5.8. அதிலும் 5.7-லிருந்து 6.4 வரை நடுப்பட்ட இடம்தான். தைராய்டு சரியாக இருந்தது.

வெறும் வயிற்றில் சரியாக இருந்த சர்க்கரை, குளுக்கோஸ் குடித்ததும் ஏன் தடுமாறுகிறது? இரவெல்லாம் சாப்பிடாமல் இருக்கும்போது கணையத்துக்கு அதிக வேலை இல்லை. கூட்டி வைத்த சத்தத்தில் சமாளித்துவிடும். ஒரேயடியாக 75 கிராம் உள்ளே வரும்போதுதான் அதன் சக்தி எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. கணையம் களைத்துப் போக ஆரம்பித்துவிட்டது என்று அந்த 158 சொன்னது. கழுத்து அதை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். மாதவிலக்கு எப்படி வருகிறது என்று. நாற்பத்தைந்து, ஐம்பது நாளுக்கு ஒரு முறை. மோவாயில் நாலைந்து முடி. இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறார்கள். அவள் இதைக் கழுத்தோடு சேர்த்து யாரிடமும் சொன்னதில்லை. சினைப்பையும் ஒரு பக்கத்து வீடுதான். கூடுதல் இன்சுலின் அங்கே போய் ஆண் ஹார்மோனைக் கூட்டச் சொல்கிறது. முட்டை வெளியேறுவது தள்ளிப் போகிறது. ஸ்கேன் பார்த்து, மகப்பேறு மருத்துவரும் அது பிசிஓஎஸ்தான் என்றார். கழுத்து, இடுப்பு, மாதவிலக்கு, குழந்தை என்று நான்கு கவலையாக இருந்தது ஒரே நூலில் வந்து நின்றது.

"மாத்திரை குடுத்துருங்க டாக்டர், சீக்கிரம் போகட்டும்" என்றாள்.

மெட்ஃபார்மின் மாத்திரை உண்டு. ஆனால் டாக்டர் முதலில் மூன்று மாதம் கேட்டார். அதற்கு ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. இவளைப் போல நடுப்பட்ட நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். எதுவும் செய்யாமல் வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் சேர்த்தாலும் கூடுதல் பலன் தெரியவில்லை. மாற்றிக்கொண்டவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். இது மந்திரம் இல்லை. ஆனால் மூன்றே வருடத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வருகிற நோய் அது என்பதைப் பார்க்கும்போது, அந்த வித்தியாசம் சின்னதும் இல்லை.

வீட்டில் என்ன மாற்றினாள்? பட்டினி கிடக்கவில்லை. முதலில் கணக்குப் போட்டது டீயில். கடையில் பில் போட உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நாலு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோ இருநூறு கிராம். ரேஷன் கடைப் பையைக் கையில் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த எடை புரியும். டீயை இரண்டாக்கி, சர்க்கரையை நிறுத்தினாள். முதல் இரண்டு வாரம் அந்த டீ கஷாயம் மாதிரி இருந்ததாம். கூடவே வருகிற பிஸ்கட்டும் போயிற்று. அந்த இடத்தில் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி.

அடுத்தது களி. தர்மபுரிக்காரர்களிடம் ராகியைப் பற்றித் தப்பாகச் சொல்ல முடியாது. சுகர் என்றதும் மாமியார் சோற்றை நிறுத்திவிட்டு ராகிக் களியைத் தினமும் இரண்டு உருண்டை வைத்தார். அரிசியைவிட ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், உண்மை. ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கே இருக்கிறது. இரண்டு பெரிய உருண்டை இரண்டு பெரிய உருண்டைதான். அதையே நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். மதியம் ஒரு சின்ன உருண்டை களி, அதற்கு இரண்டு மடங்கு கீரைக் கடைசலும் மொச்சைக் குழம்பும், ஒரு முட்டை என்று தட்டின் கணக்கு மாறியது. இரவில் கொள்ளோ பச்சைப்பயறோ ஏதாவது ஒரு பயறு. மாமியாருக்கு முதலில் மனசு ஆறவில்லை. "உருண்டைய இத்தனூண்டு வெச்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்றார். பிறகு அவரும் அதே அளவுக்கு வந்துவிட்டார்.

நடை பற்றி டாக்டர் சொன்ன ஒரு விஷயம் அவளுக்குப் பிடித்திருந்தது. தசை வேலை செய்யும்போது, இன்சுலின் வந்து தட்டாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காது மந்தமான தாத்தா டிவியை நம்பாமல் தானே எழுந்து போய் நியூஸ் கேட்டு வருகிற மாதிரி. அதனால் நேரம் முக்கியம். சாப்பிட்டு முடித்ததும் நடப்பது அந்தச் சாப்பாட்டின் சர்க்கரையைக் குறைக்கும். மதியம் கடையின் குடோன் வரை பத்து நிமிடம். இரவு சாப்பிட்டதும் மகனைக் கூட்டிக்கொண்டு தெருவில் இருபது நிமிடம். காலையில் சுவரைப் பிடித்து உட்கார்ந்து எழுவது பதினைந்து முறை, பிறகு முப்பது. தொடைத் தசை வளர்ந்தால் சர்க்கரையைச் சேர்த்து வைக்க இடம் பெரிதாகும்.

தோலுக்கு டாக்டர் கொடுத்தது மாதம் ஒன்றுக்கு ஒரு ட்யூப். தடித்த மேல் அடுக்கை மெதுவாக இளக்குகிற களிம்பு. அது கழுத்துக்கு மட்டும், இரவில் மட்டும். குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போது அதை நிறுத்திவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நாரும் க்ரீமும் குப்பைக்குப் போயின. தம்பி கல்யாணம் வந்துபோனது. அவள் காலர் வைத்த ஜாக்கெட்டோடு வியர்த்து வழிந்துகொண்டுதான் பந்தி பரிமாறினாள். நாற்பது நாளில் கழுத்து மாறாது. மாறும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சோர்ந்துபோனது அப்போதுதான். இன்சுலின் குறைந்து, பழைய தடித்த தோல் உதிர்ந்து, புதுத் தோல் வர மாதங்கள் ஆகும். அதைவிட அவளைத் தேற்றியது வேறு ஒன்று. மாதவிலக்கு முப்பத்தாறாவது நாள் வந்திருந்தது.

எட்டாவது மாதம் மறுபடி தித்திப்புத் தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து 132. எச்பிஏ1சி 5.6. எடை 66½ கிலோ. நாலரை கிலோ என்பது அக்கம்பக்கத்தில் யார் கண்ணிலும் படாத குறைவு. 'இளைச்சுட்டியே' என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆனால் முதலில் குறைகிற கொழுப்பில் ஈரலைச் சுற்றியும் உள்ளேயும் இருப்பது நிறைய. அதனால்தான் உடம்பு எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு போனதற்கே எண்கள் இவ்வளவு நகர்ந்தன. டாக்டர் சிரித்துவிட்டு, வருடா வருடம் இந்த டெஸ்ட்டை எடுக்க வேண்டும் என்று எழுதினார். கர்ப்பம் உறுதியானால் முதல் மாதத்திலேயே வந்து பார்க்க வேண்டும் என்றும்.

கழுத்தில் முதலில் போனது தடிப்பு. விரலை வைத்தால் வெல்வெட் இல்லை, தோல்தான் தட்டுப்பட்டது. நிறம் அதற்குப் பிறகு மெதுவாக இறங்கியது. பாதி போயிருக்கும். மீதி அங்கேயே இருக்கிறது. மருக்கள் அப்படியே இருக்கின்றன, அவை தானாகப் போகாது. வேண்டுமென்றால் டாக்டரிடம் எடுத்துவிடலாம். அக்குளில் அந்தக் க்ரீம் விட்டுப்போன கோடுகளும் அப்படியே.

தீபாவளிக்கு ஒரு சுடிதாரும் ஒரு ஜாக்கெட்டும் தைக்கக் கொடுத்தாள். டெய்லர் அக்கா நோட்டில் புதுப் பக்கம் எடுத்தார். இடுப்பு 34½. கை 12, அதில் மாற்றமில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு டேப்பைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார்.

"இதுக்கும் காலர்தானா?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு இன்ச் எறக்குங்க அக்கா. அதுக்கு மேல இப்ப வேண்டாம்."